மொத்த லாபமும் பங்களிப்பும்: ஒரே டி-ஷர்ட்டுக்கு இரண்டு விகிதங்கள் ஏன்?

கேள்வி: ஐயா, நான் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிராஸ் மார்ஜின், காண்ட்ரிபியூஷன் மார்ஜின் இரண்டுமே விற்பனையிலிருந்து செலவைக் கழித்தால் வருவதுதானே? பிரேக் ஈவன் கணக்கில் கிராஸ் மார்ஜினைப் போட்டேன், விடை தப்பு என்று அடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எதை எப்போது எடுக்க வேண்டும்?

பதில்:

இந்தக் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில் போட்ட வியாபாரக் கணக்கில்தான் இருக்கிறது. அங்கே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை சரக்கை வாங்கி அப்படியே விற்கும் கடைகள். ஒரு மளிகைக்கடைக்காரர் கிலோ 50 ரூபாய்க்கு அரிசி வாங்கி 60 ரூபாய்க்கு விற்றால் அவருடைய கிராஸ் மார்ஜின் எனும் மொத்த லாபமும் 10 ரூபாய், காண்ட்ரிபியூஷன் எனும் பங்களிப்பும் 10 ரூபாய். கொள்முதல் விலை முழுவதும் விற்பனையோடு சேர்ந்தே கூடிக் குறையும் செலவு என்பதாலும், அவருக்கு உற்பத்திக்கூடம் என்ற ஒன்று இல்லை என்பதாலும் இரண்டு எண்களும் ஒன்றாக விழுகின்றன. அங்கே பழகிய கை, தொழிற்சாலைக் கணக்குக்கு வந்த பிறகும் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறது. உற்பத்தி என்று வந்தவுடன் அவை பிரிந்துவிடுகின்றன என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை.

இரண்டுமே விற்பனையிலிருந்து செலவைக் கழித்து வருபவைதான். அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எந்தச் செலவைக் கழிப்பது என்று முடிவு செய்ய இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு. மொத்த லாபம், செலவு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பார்க்கிறது. பொருளை உருவாக்குவதற்காகத் தொழிற்சாலைக்குள் ஆன செலவு என்றால் அது அடக்கவிலைக்குள் வரும். விற்பதற்கும் அலுவலகத்தை நடத்துவதற்கும் ஆன செலவு என்றால் வெளியே நிற்கும். பங்களிப்பு இடத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு பீஸ் கூடுதலாக விற்றால் இந்தச் செலவும் கூடுமா என்று மட்டும் கேட்கிறது. கூடுமென்றால் அது மாறும் செலவு, கழிக்கப்படும். கூடாதென்றால் அது நிலையான செலவு, தொடப்படாது.

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட் தைக்கும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே முழுமையாக்கி வைத்திருக்கிறேன். மாதம் 10,000 பீஸ் அதன் இயல்பான உற்பத்தித்திறன். ஒரு பீஸின் விற்பனை விலை 200 ரூபாய். துணிக்கு 90 ரூபாய், நூல், லேபிள், பாலித்தீன் பை ஆகியவற்றுக்கு 10 ரூபாய், பீஸ் ரேட்டில் டெய்லருக்குத் தரும் தையற்கூலி 20 ரூபாய் என ஒரு பீஸுக்கு 120 ரூபாய் ஆகிறது. இதைத் தவிர தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு மாதமும் கட்டட வாடகை, சூப்பர்வைசர் மற்றும் மெக்கானிக் சம்பளம், இயந்திரங்களின் தேய்மானம் என 4,00,000 ரூபாய் செலவாகிறது. வெளியே விற்பனை ஏஜென்ட்டுக்கு விலையில் 5 சதவீதம், அதாவது பீஸுக்கு 10 ரூபாய் கமிஷன். பையருக்கு அனுப்பும் லாரி வாடகை பீஸுக்கு 6 ரூபாய். அலுவலகச் சம்பளம் முதலியவற்றுக்கு மாதம் 1,60,000 ரூபாய்.

மொத்த லாபத்தை முதலில் பார்ப்போம். தொழிற்சாலைக்குள் நடந்தவை அனைத்தும் அடக்கவிலையில் சேர வேண்டும். எனவே 120 ரூபாயோடு, 4,00,000 ரூபாயை 10,000 பீஸுக்குப் பங்கிட்டு வரும் 40 ரூபாயையும் சேர்க்கிறோம். அடக்கவிலை 160 ரூபாய், மொத்த லாபம் 40 ரூபாய், விகிதம் 20 சதவீதம். கமிஷனும் லாரி வாடகையும் ஒவ்வொரு பீஸோடும் கூடுபவைதான் என்றாலும் அவை விற்பனைச் செலவுகள் என்பதால் இங்கே இடம்பெறவில்லை. பங்களிப்பில் நிலைமை தலைகீழ். கமிஷனும் லாரி வாடகையும் உள்ளே வருகின்றன, தொழிற்சாலையின் நிலையான செலவின் பங்கான 40 ரூபாய் வெளியே போகிறது. மாறும் செலவு 120 உடன் 16 சேர்ந்து 136 ரூபாய். பங்களிப்பு 64 ரூபாய். விகிதம் 32 சதவீதம்.

10,000 பீஸும் தைத்து, 10,000 பீஸும் விற்றால் இரண்டு வழியிலும் இறுதி லாபம் ஒன்றாகவே வரும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்த லாபம் 4,00,000 ரூபாயிலிருந்து விற்பனைச் செலவு 1,60,000, அலுவலகச் செலவு 1,60,000 இரண்டையும் கழித்தால் 80,000 ரூபாய். பங்களிப்பு 6,40,000 ரூபாயிலிருந்து தொழிற்சாலை நிலையான செலவு 4,00,000, அலுவலகச் செலவு 1,60,000 இரண்டையும் கழித்தாலும் 80,000 ரூபாய். ஆக, இரண்டில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்பதல்ல. ஒரே செலவுகளை இரண்டு விதமாக அடுக்கியிருக்கிறோம்.

இப்போது உங்கள் பிரேக் ஈவன் கணக்குக்கு வருகிறேன். இந்த யூனிட் லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்க எத்தனை பீஸ் விற்க வேண்டும்? மொத்த நிலையான செலவு 5,60,000 ரூபாயை ஒரு பீஸின் பங்களிப்பான 64 ரூபாயால் வகுத்தால் 8,750 பீஸ். கிராஸ் மார்ஜினைப் போடும் மாணவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர், தொழிற்சாலைச் செலவு ஏற்கெனவே அடக்கவிலையில் சேர்ந்துவிட்டது என்று எண்ணி, மீதமிருக்கும் 1,60,000 ரூபாயை 40 ஆல் வகுத்து 4,000 பீஸ் என்கிறார்கள். 4,000 பீஸில் உண்மையில் கிடைக்கும் பங்களிப்பு 2,56,000 ரூபாய்தான். அங்கே நட்டம் 3,04,000 ரூபாய். வேறு சிலர் 5,60,000 முழுவதையும் 40 ஆல் வகுத்து 14,000 பீஸ் என்கிறார்கள். அதில் தொழிற்சாலைச் செலவு ஒரு முறை அடக்கவிலையிலும் மறுமுறை மேலேயும் என இரண்டு தடவை ஏறிவிடுகிறது. 10,000 பீஸிலேயே 80,000 ரூபாய் சம்பாதிக்கும் யூனிட், தன் முழுத்திறனில் ஓடினாலும் நட்டம்தான் என்று அந்த விடை சொல்கிறது.

தவறு நேர்வதன் காரணம் அந்த 40 ரூபாயில் இருக்கிறது. அது துணியின் 90 ரூபாயைப் போன்ற செலவு அல்ல. இன்னொரு பீஸ் தைத்தால் இன்னொரு 90 ரூபாய்க்குத் துணி வாங்க வேண்டும். ஆனால் இன்னொரு 40 ரூபாயை வீட்டு உரிமையாளரோ சூப்பர்வைசரோ கேட்கப் போவதில்லை. 10,000 என்ற ஓர் எண்ணால் வகுத்ததால் பிறந்த சராசரி அது. உற்பத்தி 8,000 ஆனால் அதே வாடகையும் சம்பளமும் பீஸுக்கு 50 ரூபாயாகிவிடும். எத்தனை பீஸ் என்பதையே தேடும் கணக்கில், எத்தனை பீஸ் என்பதை முன்கூட்டியே ஊகித்து வகுத்த எண்ணைப் போடுவதால்தான் விடை சிதைகிறது. பிரேக் ஈவன் கணக்கில் பங்களிப்பை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இதைப் புரிந்துகொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பங்களிப்பு மிகவும் பயன்படும் இன்னோர் இடம், குறைந்த விலைக்கு வரும் ஆர்டரை ஏற்பதா என்ற முடிவு. ஒரு மாதம் கையில் 8,000 பீஸுக்கு மட்டுமே ஆர்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் 48,000 ரூபாய் நட்டம். அப்போது புதிய பையர் ஒருவர் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வந்து, சரக்கைத் தன் வண்டியிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, 2,000 பீஸை 150 ரூபாய்க்குக் கேட்கிறார். அடக்கவிலை 160 ரூபாய் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கும் உரிமையாளர், பீஸுக்கு 10 ரூபாய் கைநட்டம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். பல வருடங்களுக்கு முன் நான் கணக்குப் பார்த்த ஒரு யூனிட்டில் இதே நடந்தது. அந்த மாதம் பவர் டேபிள்களில் பாதி துணி போர்த்திக் கிடந்தன, வாடகை மட்டும் முழுசாகப் போனது. அந்தக் காட்சி எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

பங்களிப்பு வழியில் பாருங்கள். இந்த ஆர்டருக்குக் கமிஷனும் இல்லை, லாரி வாடகையும் இல்லை. கூடுதலாக ஆகும் செலவு 120 ரூபாய் மட்டும். பீஸுக்கு 30 ரூபாய் மிஞ்சுகிறது, 2,000 பீஸுக்கு 60,000 ரூபாய். 48,000 ரூபாய் நட்டம் 12,000 ரூபாய் லாபமாக மாறுகிறது. ஆனால் இந்த முடிவு சில நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. தேர்வில் அவற்றை எழுதாமல் விட்டால் விடை பாதிதான். திறன் சும்மா கிடக்க வேண்டும். இந்த 2,000 பீஸுக்காக 200 ரூபாய் ஆர்டர் ஒன்றைத் தள்ளிவிட்டால், அதில் இழந்த 64 ரூபாயும் இந்த ஆர்டரின் செலவாகும். இரவு ஷிப்ட் போட்டுக் கூடுதல் கூலி தர நேர்ந்தால் 120 என்ற எண்ணே மாறிவிடும். 150 ரூபாய்க்குக் கொடுத்த செய்தி வழக்கமான பையர்களுக்குப் போய், அவர்களும் விலையைக் குறைக்கச் சொன்னால் கணக்கு முற்றிலும் வேறாகிவிடும்.

வருடம் முழுவதற்கும் விலை வைக்கும்போது மொத்த லாபம் தன் இடத்தைத் திரும்பப் பெறுவதும் இதனால்தான். எல்லா ஆர்டரையும் 150 ரூபாய்க்கே எடுத்து, ஒவ்வொன்றிலும் 30 ரூபாய் மிஞ்சுகிறதே என்று மகிழ்ந்தால், முழுத்திறனிலும் 3,00,000 ரூபாய்தான் சேரும். தொழிற்சாலையின் நிலையான செலவையே அது ஈடுகட்டாது. வாடகையும் இயந்திரமும் யாரோ ஒரு பையர் தரும் விலையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே வழக்கமான விலைப்பட்டியலைத் தயாரிக்கும்போது அடக்கவிலையை முழுமையாகப் போட்டு அதன்மேல் மார்ஜின் வைப்பதும், சும்மா கிடக்கும் திறனை நிரப்பும் ஒற்றை ஆர்டருக்குப் பங்களிப்பைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

அடுத்ததாக மாணவர்கள் அதிகம் கவனிக்காத, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்று இருக்கிறது. அதே 8,000 பீஸ் விற்பனையாகும் மாதத்தில், உரிமையாளர் வேலையாட்களை நிறுத்த மனமில்லாமல் 10,000 பீஸ் தைத்து, 2,000 பீஸை கிடங்கில் அடுக்கி வைக்கிறார். மொத்த லாப வழியில் 8,000 பீஸுக்கு 40 ரூபாய் வீதம் 3,20,000 ரூபாய்; அதிலிருந்து கமிஷனும் லாரி வாடகையும் சேர்ந்த 1,28,000, அலுவலகச் செலவு 1,60,000 இரண்டையும் கழித்தால் 32,000 ரூபாய் லாபம். பங்களிப்பு வழியில் 5,12,000 ரூபாயிலிருந்து 5,60,000 ரூபாயைக் கழித்தால் 48,000 ரூபாய் நட்டம். ஒரே மாதம், ஒரே விற்பனை. இடைவெளி மட்டும் 80,000 ரூபாய். விற்காத 2,000 பீஸும் தலைக்கு 40 ரூபாய் வீதம் தொழிற்சாலை வாடகையையும் சம்பளத்தையும் தம்மோடு எடுத்துக்கொண்டு கிடங்கில் உட்கார்ந்துவிட்டன. அந்த 80,000 ரூபாய் இந்த மாதத்துச் செலவாகாமல், இறுதிச் சரக்கின் மதிப்பில் ஒளிந்திருக்கிறது.

ஆனால் இது மோசடி அல்ல, கணக்கியல் தரம் கேட்பதே இதுதான். சரக்கு மதிப்பீட்டுக்கான ஏ.எஸ். 2, இண்ட் ஏ.எஸ். 2 இரண்டுமே, தொழிற்சாலையின் நிலையான உற்பத்திச் செலவை இயல்பான உற்பத்தித்திறனின் அடிப்படையில் சரக்கின்மேல் ஏற்றச் சொல்கின்றன. விற்பனைச் செலவை ஏற்றக் கூடாது என்கின்றன. எனவே வெளியாருக்குக் காட்டும் நிதி அறிக்கையில் பங்களிப்பு முறையில் சரக்கை மதிப்பிட முடியாது. இயல்பான திறன் என்ற சொல்லையும் கவனியுங்கள்: யூனிட் 8,000 பீஸ் மட்டுமே தைத்திருந்தால் பீஸுக்கு 50 ரூபாய் ஏற்ற அனுமதி இல்லை, 40 ரூபாய்தான் ஏற்றலாம், பங்கிடப்படாமல் மிஞ்சும் 80,000 ரூபாய் அந்தக் காலத்துச் செலவாகவே எழுதப்படும். ஒரு யூனிட்டின் மொத்த லாபம் நன்றாக இருக்கும்போதே கிடங்கில் சரக்கும் ஏறிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால், அந்த லாபத்தில் ஒரு பகுதி இன்னும் விற்கப்படாத சரக்கில் இருக்கிறது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

நேரடிச் செலவு என்பதும் மாறும் செலவு என்பதும் ஒன்றுதான் என்று நினைப்பது இன்னொரு தடுமாற்றம். நம் யூனிட்டின் உரிமையாளர் பீஸ் ரேட்டை விட்டுவிட்டு, டெய்லர்களுக்கு மொத்தம் 2,00,000 ரூபாய் மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? தையற்கூலி இப்போதும் நேரடிச் செலவுதான், அடக்கவிலையில்தான் இருக்கிறது. 10,000 பீஸில் அடக்கவிலை அதே 160 ரூபாய், மொத்த லாபம் அதே 20 சதவீதம். ஆனால் அது இனி மாறும் செலவு அல்ல. பங்களிப்பு 84 ரூபாயாக உயர்கிறது, நிலையான செலவு 7,60,000 ரூபாயாகிறது, பிரேக் ஈவன் 8,750 பீஸிலிருந்து ஏறத்தாழ 9,048 பீஸுக்குப் போகிறது. ஆர்டர் 8,000 பீஸாகக் குறையும் மாதத்தில் நட்டம் 48,000 ரூபாய்க்குப் பதில் 88,000 ரூபாய். இவ்வளவு மாற்றத்தில் எதையும் கிராஸ் மார்ஜின் காட்டாது. எனவே ஒரு செலவின் பெயரைப் பார்த்து அது மாறும் செலவா நிலையான செலவா என்று முடிவு செய்யாதீர்கள். எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மின்கட்டணம் போன்ற சில செலவுகளில் நிலைக் கட்டணம் ஒரு பகுதியாகவும் யூனிட் கட்டணம் ஒரு பகுதியாகவும் இருக்கும். அவற்றைப் பிரித்த பிறகே பங்களிப்பைக் கணக்கிட வேண்டும்.

எங்கே எதைக் காண்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி, தணிக்கையாளர், வரித்துறை ஆகியோர் பார்ப்பது மொத்த லாபம்; 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தின் 40ஆம் பிரிவு, இந்த வருடத்தின் மொத்த லாப விகிதத்தையும் முந்தைய வருடத்தின் விகிதத்தையும் அருகருகே கேட்கிறது. பங்களிப்பு நிறுவனத்துக்குள்ளேயே புழங்கும் எண். அதை வெளியே சொல்லும் கட்டாயம் இல்லை, அதைக் கணக்கிடத் தேவையான பிரிவினை வெளியிடப்படும் அறிக்கையிலும் இருக்காது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி தயாரிக்கும் லாப நட்ட அறிக்கையில் மொத்த லாபம் என்ற வரியே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே செலவுகள் பயன்படுத்திய மூலப்பொருள், ஊழியர் செலவு, தேய்மானம் என்று இயல்பின்படி வருகின்றன. தொழிற்சாலைச் சம்பளமும் அலுவலகச் சம்பளமும் ஒரே வரியில் கலந்திருக்கும். அதனால் பங்கு ஆய்வாளர்கள் பலர் விற்பனையிலிருந்து மூலப்பொருள் செலவை மட்டும் கழித்து அதையே கிராஸ் மார்ஜின் என்று எழுதுகிறார்கள். நம் டி-ஷர்ட்டில் அப்படிச் செய்தால் 50 சதவீதம் வரும். அது 20 சதவீதத்தோடும் ஒப்பிடத் தக்கதல்ல, 32 சதவீதத்தோடும் ஒப்பிடத் தக்கதல்ல.

உங்கள் விடைத்தாளை எடுத்து அந்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை போடுங்கள். விடையாக வந்த பீஸ் எண்ணிக்கையை வைத்து விற்பனை, மாறும் செலவு, நிலையான செலவு மூன்றையும் வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள். நம் யூனிட்டில் 8,750 பீஸுக்கு விற்பனை 17,50,000 ரூபாய், மாறும் செலவு 11,90,000 ரூபாய், நிலையான செலவு 5,60,000 ரூபாய். மீதி சரியாகச் சுழியம். உங்கள் கணக்கில் மீதி சுழியமாக வரவில்லை என்றால், நிலையான செலவில் ஏதோ ஒன்று பீஸ் விலைக்குள் நுழைந்திருக்கிறது, அல்லது கமிஷனைப் போன்ற மாறும் செலவு ஒன்று வெளியே நின்றுவிட்டது. அந்த மீதித் தொகையே எது என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.